நாளைக்காரரின் அவசரம்

கடிகாரம் பழுது பார்க்கும் அவரை ஊரே நாளைக்காரர் என்றுதான் அழைக்கும். எந்தக் கடிகாரத்தைக் கேட்டாலும் "நாளைக்கு வாங்க" என்பார். அந்தப் பொறுமைசாலி, பசி வந்தால் மட்டும் வேறு மனிதர்.

அன்று மதியம் குக்கர் விசிலே அடிக்கவில்லை. மனைவி சட்டென்று அடுப்பை அணைத்தாள். அவர் இடுக்கியோடு வந்தார்.

"விசிலைப் பிடுங்கிட்டா முடிஞ்சுது. ஆவியே வரலையே, உள்ள என்ன இருக்கப்போகுது?"

"வரலைன்னா அடைச்சிருக்குன்னு அர்த்தம். மொத்தமும் உள்ளதான் இருக்கு. இப்ப பிடுங்கினா கொதிக்கிற பருப்பு உங்க மூஞ்சியிலதான் விழும். கை வைக்காதீங்க!"

"அப்ப எப்ப திறக்கிறது?"

"நாளைக்கு வாங்க" என்றாள்.

குக்கர் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறும்வரை அவள் அவரைப் பக்கத்திலேயே விடவில்லை. பிறகு மூடி முரண்டு பிடிக்காமல் கழன்றது. அதைத் தனியே எடுத்து வெந்நீரில் ஊறவைத்து, இறுகியிருந்த விசிலைத் திருகித் திருகி எடுத்தாள். அதன் அடியில் பருப்புத் தோல் கெட்டியாய் அடைத்திருந்தது.

தப்பிய முகத்தைத் தடவிக்கொண்டே அவர் சாப்பிட்டார். நன்றிக்கடனாக, விசிலையும் மூடியையும் தானே சுத்தம் செய்வதாக வாங்கிப் போனார். மூடியின் துளையில் மெல்லிய கம்பியை விட்டு, வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். மறுபடி விட்டார், மறுபடி பார்த்தார்.

சாயங்காலம் அவள் கேட்டாள்: "என்னங்க, முடிஞ்சுதா?"

அவர் தலை நிமிரவேயில்லை. "நாளைக்கு."

இரவுச் சமையல் திறந்த பாத்திரத்தில்தான் வெந்தது. அது வேகும்வரை இருவரும் பசியோடு காத்திருந்தார்கள்.