பேக்கரி என்று பெயரெடுத்த கம்பெனி

எங்கள் கம்பெனியை ஏரியூர்க்காரர் ஒருவர் பேக்கரி என்று நினைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அப்படி நினைக்க வைத்ததே நான்தான்.

நாங்கள் செய்வது லாரிகளுக்கும் கார்களுக்கும் போகும் சின்னச் சின்ன இரும்புப் பாகங்கள். தருமபுரியிலிருந்து தொப்பூர் போகும் வழியில், நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே, தகரக் கூரை போட்ட ஷெட். கணக்கு, சம்பளம், ஆள் எடுப்பது, டீத்தூள் தீர்ந்தால் வாங்கி வைப்பது எல்லாமே நான்தான். ஆர்டர் கூடி, புதிதாக இரண்டு கம்ப்யூட்டர் லேத் வந்து இறங்கின. ஓட்டத்தான் ஆள் இல்லை. ஐடிஐ முடித்த பையன்கள் எல்லாம் ஓசூர் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இன்ஸ்டாகிராம்ல நம்ம கம்பெனியைப் பத்திப் போடும்மா. நல்ல எடம்னு தெரிஞ்சா தானா வருவாங்க" என்றார் முதலாளி. பெங்களூரில் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போனவர், 'எம்ப்ளாயர் பிராண்டிங்' என்று ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அதைச் சொல்லாமல் அந்த வாரம் அவர் ஒரு டீ கூடக் குடிக்கவில்லை.

போட்டேன். யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் முதலாளி கேக் வாங்கி வந்துவிடுவார். அது அவருடைய நல்ல குணம். வெட்டும்போது போட்டோ எடுத்து, 'எங்கள் குடும்பம்' என்று எழுதிப் போடுவேன். புத்தாண்டுக்குக் கேக், பொங்கலுக்கும் கேக், மெஷின் வந்ததற்கும் கேக். லைக் போட்டதெல்லாம் எங்கள் ஆட்கள். போடாவிட்டால் முதலாளி கேட்பாரே என்ற பயம். ஒருமுறை அவரே காசு கட்டி, எந்த ஊருக்கு என்று குறிக்காமல் ஒரு படத்தை விளம்பரமாகப் பரப்பிவிட்டார். ராஜஸ்தானிலிருந்து யாரோ இந்தியில் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள். வேலை கேட்டு ஒருவரும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் செட்டர் வாட்ஸ்அப்பில் ராஜினாமா அனுப்பினான். மெஷினில் டூல்களைப் பூட்டி, அளவு வைத்து, முதல் பீஸைச் சரியாக வெட்டிக் கொடுப்பவன்தான் செட்டர். அவன் போய்விட்டால் பழைய மெஷின்களும் நின்றுவிடும். எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"ஓசூர்ல சம்பளம் அதிகமா?"

"அதே சம்பளந்தாங்க்கா." என்றான். "ஏரியூர்ல பொண்ணு பாத்தோம். எல்லாம் ஒத்து வந்துச்சு. கம்பெனி பேரைக் கேட்டாங்க, சொன்னேன். அவங்க வூட்டுல போன்ல தேடிப் பாத்துட்டு, பையன் பேக்கரியில இருக்கறான், லேத்துனு பொய் சொல்றாங்கன்னு அப்பாக்காரரு சொல்லிட்டாருங்க."

எங்கள் பேஜைத் திறந்து மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். ஒரு படத்திலும் மெஷின் இல்லை. இவனே ஒரு படத்தில் கையில் கத்தியோடு, மூக்கில் கிரீமோடு நின்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அந்தப் பெண்ணை அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. ஏரியூர் என்று சொல்லும்போதே அது தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் ஓசூருக்குப் போவது சம்பளத்துக்காக இல்லை. பெண் வீட்டில் சொல்ல ஒரு பெயர் வேண்டும், அதற்காக. நாங்கள் பையன்களுக்குக் கேக் காட்டிக்கொண்டிருந்தோம். முடிவு எடுப்பவர்களோ வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு மாசம் நோட்டீஸ் இருக்குது. அதுவரைக்கும் பொறு. அந்த அப்பா வேற என்னென்ன கேட்டாரு?"

நைட் ஷிஃப்ட் உண்டா, பி.எஃப். பிடிக்கிறார்களா, கையில் அடிபட்டால் யார் பார்ப்பார்கள், சம்பளம் பேங்கில் வருமா, பஸ் இருக்கிறதா. இதற்கெல்லாம் பதில் சொல்லி ஒரு வீடியோ போடலாம் என்று தோன்றியது, அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். வீடியோவுக்கு இதைவிட நல்ல வசனம் எனக்குக் கிடைத்திருக்காது.

சம்பளத்தையும் சொல்லிவிடலாம் என்றதும் முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார்.

"புது ஆளுக்கு இவ்வளவுன்னு வெளிய போட்டா, பழைய ஆளுங்க நம்ம கழுத்தைப் பிடிப்பாங்களேம்மா."

"பிடிக்கட்டுங்க சார். அவங்களுக்கு முதல்ல சரி பண்ணிட்டுப் போடலாம்."

டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். மறுநாள் வந்து, பழைய ஆட்கள் சிலருக்குச் சம்பளம் ஏற்றச் சொன்னார். பிராண்டிங் என்பது இவ்வளவு செலவு வைக்கும் என்று பெங்களூரில் யாரும் சொல்லவில்லை என்று புலம்பினார்.

செட்டரையே பேச வைத்தேன். முதல் தடவை பாதுகாப்புக் கண்ணாடி போட மறந்துவிட்டான். இரண்டாம் தடவை பின்னால் வாடிக்கையாளர் பெயர் போட்ட டிராயிங் தெரிந்தது. அது வெளியே போனால் ஆர்டரே போய்விடும். மூன்றாம் தடவை முதலாளி தலை சீவிக்கொண்டு தற்செயலாக வருவதுபோல் குறுக்கே வந்தார். நான்காவதுதான் தேறியது. கேமராவைப் பார்த்து அவன் கை கூப்பி "வணக்கங்க" என்றான். மாமனாரே போனுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் ஒவ்வொரு கேள்விக்கும் அடக்கமாகப் பதில் சொன்னான். நைட் ஷிஃப்ட் உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

இந்தத் தடவை தருமபுரியையும் சுற்று வட்டாரத்தையும் மட்டும் குறித்துப் பரப்பினேன். லைக் சொற்பம்தான். ஆனால் ஷேர் ஏறிக்கொண்டே போனது. சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் வீடியோ சுற்றியிருக்கிறது. போன் செய்தவர்களில் பையன்கள் குறைவு, அப்பாக்களும் அத்தைகளும்தான் அதிகம். சித்தேரியிலிருந்து ஓர் அம்மா, மதியம் களி போடுவீர்களா என்று கேட்டார். இன்டர்வியூவுக்கு ஒவ்வொரு பையனும் ஒரு பெரியவரோடு வந்தான், பக்கத்து ஷெட்டில் நாற்காலி கடன் வாங்க வேண்டியதாயிற்று. ஒரு தாய்மாமன் நேராகக் கழிவறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "தண்ணி வருது, சேர்ந்துக்கடா" என்றார். புது மெஷின்கள் இரண்டும் ஓட ஆரம்பித்தன.

நோட்டீஸ் முடியப் போகும் சமயத்தில் ஏரியூரிலிருந்து அந்த அப்பா பேசினார்.

"வீடியோ பாத்தோங்க. கம்பெனி நல்லாத்தான் இருக்குது. நாந்தான் தப்பா நெனச்சுட்டேன்."

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "அப்ப கல்யாணத்தை..." என்று இழுத்தேன்.

"அது அப்புறம் பாக்கலாங்க. பொண்ணு மெக்கானிக்கல் டிப்ளமோ முடிச்சுட்டு வூட்டுல இருக்குது. அங்க அவளுக்கு வேலை கெடைக்குங்களா?"

செட்டரிடம் சொன்னபோது, "அப்ப என் கதை?" என்றான்.

"உனக்கு இல்லப்பா. இப்போதைக்குக் கம்பெனிக்குத்தான் பொண்ணு குடுக்கறாங்க."

அப்பாவும் பெண்ணும் வந்தார்கள். அப்பா பஸ் நிற்கும் இடத்தைப் பார்க்கப் போனார். தரம் பார்க்கும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டதால், அவளிடம் ஒரு பீஸையும் மைக்ரோமீட்டரையும் கொடுத்தேன். எங்களைப் பற்றி எப்படித் தெரியும் என்று வழக்கம்போல் கேட்டேன்.

"பேக்கரின்னு அப்பாகிட்ட சொன்னதே நாந்தாங்க" என்றாள். "பேஜ்ல அதானே இருந்துச்சு."

அளந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்றாள். யார் வெட்டியது என்று கேட்டாள். ஜன்னல் கண்ணாடி வழியாகக் காட்டினேன். செட்டர் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான், தலை மட்டும் தெரிந்தது.

"அவரு ஓசூர் போறாருன்னு சொன்னாங்களே."

"நோட்டீஸ் ஓடுதும்மா."

பீஸைத் துடைத்து மேஜையில் வைத்தாள். "அவரு போகலைன்னா நான் சேர்ந்துக்கறேங்க" என்றாள், பீஸைப் பார்த்தபடியே.

அவள் கிளம்பியதும் செட்டரிடம் அதை அப்படியே சொன்னேன். "அக்கா, அந்த ராஜினாமா மெசேஜ் என் போன்ல இருந்து அழிய மாட்டேங்குது. நீங்க அழிச்சுடறீங்களா?" என்றான்.

அவள் சேர்ந்த அன்று முதலாளி பெரிய பெட்டியோடு வந்தார். பழக்கதோஷத்தில் நான் போனை எடுத்தேன். செட்டர் ஓடி வந்து கேமராவைக் கையால் மூடினான்.

"கேக் சாப்பிடலாங்க்கா. போட்டோ மட்டும் வேண்டாம். அவங்க சித்தப்பா இன்னும் நம்ம பேஜைப் பாக்கலை."