நாங்களும் நாமும்

குழாய் பதிக்கும் கான்ட்ராக்ட் எடுக்கிற பைப்காரர் முப்பது வருஷமாகத் தனிக்காட்டு ராஜா. யாரோடும் கூட்டுச் சேர்ந்ததே இல்லை. ஆனால் இப்போது வந்த ஒரு பெரிய குடிநீர் டெண்டருக்குப் பம்பு அமைத்த அனுபவமும் வேண்டுமாம். வேறு வழியில்லாமல் கூட்டு ஒப்பந்த வரைவோடு பம்பு கம்பெனி முதலாளியம்மாவிடம் போனார்.

குழாய் பதிப்பது இவர், பம்பும் மின்சார வேலையும் அவர். அதில் தகராறு இல்லை. மீதியைப் படித்ததும் முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அண்ணே, தலைமை ஏற்கிற இடத்துல ‘நாங்கள்’. அதிகாரிகளோட பேசுற இடத்துல ‘நாங்கள்’. வேலை கெட்டா பொறுப்புன்ற இடத்துல மட்டும் ‘நாம்’னு என்னையும் சேர்த்துட்டீங்களே!”

“டெண்டர்லயே அப்படித்தாம்மா கேக்கறாங்க. யார் வேலை கெட்டாலும் ரெண்டு பேரும் பொறுப்பாம்,” என்று மென்று விழுங்கினார்.

“தலைமை நீங்களே இருங்க. ஆனா பேசப் போறப்ப நாம போவோம்.”

பைப்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே திருத்திக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தும் அந்த ‘நாம்’ நாக்கை விடவில்லை.

“நாம ஒரு பெரிய டெண்டர் போடுறோம்,” என்றார் மனைவியிடம்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

“நாமளா? சரி, சொல்லுங்க. நான் இப்ப என்ன வேலை செய்யணும்?”