ஐயாதுரை அனுப்பிய ஷிப்ட் பட்டியல்

அழகுத்தாய்க்குக் கம்ப்யூட்டர் அறிமுகமானது தொண்ணூறுகளின் நடுவில், ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் பின்னறையில். சேத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ப் படித்தாள். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குட்டி இந்தப் பெட்டி?" என்று கேட்ட ஊர், பிறகு ரேஷன் கார்டு திருத்தத்துக்கும் காலேஜ் விண்ணப்பத்துக்கும் அவள் வீட்டு வாசலில்தான் வந்து நின்றது. ஊருக்கு வெட்கம் ஏது?

பல வருஷம் கழித்து இராஜபாளையத்தில் பொன்னுராஜ் என்பவர் மில்களுக்கு சாப்ட்வேர் செய்து கொடுக்கும் ஆபீஸ் திறந்தபோது, வாடிக்கையாளர்களின் கோளாறுகளைக் கவனிக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. எந்தத் தொழிலாளிக்கு எந்த ஷிப்ட் என்று ஒவ்வொரு மில்லும் ஜேசன் என்ற, அடைப்புக்குறியும் கமாவுமாக எழுதும் ஒரு கோப்பில் எழுதி ஏற்றும். அதைப் பார்த்துத்தான் கேட்டில் இருக்கும் மிஷின் ஆளை உள்ளே விடும். ஸ்கிரீனில் ஒவ்வொன்றாகத் தட்டச் சோம்பல்பட்டு, மில்காரர்கள் கோப்பை நோட்பேடில் திறந்து கையாலேயே திருத்துவார்கள். ஒரு அடைப்புக்குறியை விழுங்குவார்கள், ஒரு மேற்கோள் குறியை மூடாமல் விடுவார்கள். கோப்பு ஏறாது. அப்புறம் அம்புட்டையும் அள்ளி மெயிலில் ஒட்டி, "சரி பண்ணித் தாங்க" என்று ஒரு வரி. எதைச் சரி பண்ண என்று எவனும் சொல்ல மாட்டான்.

ஆபீசில் மற்றவர்கள் ஊகிப்பார்கள். இந்த ஆளின் பெயரை மாற்றச் சொல்கிறானோ, அந்த நேரத்தைத் திருத்தச் சொல்கிறானோ என்று மனம்போல் கைவைத்து, இரண்டு நாள் கழித்துத் திட்டு வாங்குவார்கள். அழகுத்தாய் ஊகிக்கவே மாட்டாள். ஒட்டியதை அப்படியே எடுத்துச் சரிபார்க்கும் கருவியில் போடுவாள். எந்த வரியில் உடைந்திருக்கிறது என்று அது காட்டும். அந்த உடைப்பை மட்டும் அடைத்துவிட்டு, "இன்ன வரியில் இது விட்டுப்போயிருந்தது, வேறு எதையும் தொடவில்லை, இன்னும் ஏதாவது மாற்ற வேண்டுமா?" என்று எழுதுவாள். பாதிப் பேருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

"அனுப்புனவன் மனசுல என்ன இருக்குன்னு பாக்குறதுக்கு முன்னாடி, கோப்பு முழுசா இருக்கான்னு பாருங்கலே" என்று புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சொல்வாள். சொன்னவள் அவள்தான். அதுதான் கொடுமை.

ஐயாதுரை அவளுடைய ஒரே தம்பி. சேத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஷிப்ட் போடும் சூப்பர்வைசர். அவன் பெண்டாட்டி முத்தாத்தாளும் அங்கேதான் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தாள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில், லீவு தரவில்லை என்று முத்தாத்தாள் எட்டிப் பார்க்கவில்லை. அம்மா போன பிறகு வீட்டு வாசலில் வைத்தே அழகுத்தாய் தம்பியைக் கிழித்துவிட்டாள். "பெண்டாட்டி ஆட்டுன ஆட்டத்துக்கு ஆடுத பய நீ" என்றாள். அதன்பிறகு அவர்களுக்குள் பேச்சே இல்லை. நல்லது கெட்டதில் எதிரெதிரே உட்கார்ந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் மத்தியானம் அவன் மெயில் வந்தது. ஒட்டப்பட்ட கோப்பு, மேலே ஒரே வரி: "அக்கா, இதைச் சரி பண்ணித் தா. சாயங்காலத்துக்குள்ள ஏத்தணும்."

அக்கா என்ற சொல்லைப் பார்த்ததும் அவள் நெஞ்சு ஒரு கணம் இளகியது. பொய் சொல்ல வேண்டாம், இளகத்தான் செய்தது. பிறகு கோப்பைக் கண்ணால் ஓட்டினாள். நைட் ஷிப்ட் பட்டியலின் கடைசியில் முத்தாத்தாள் பெயர் இருந்தது. அதோடு தீர்ந்தது. ஓஹோ, இதற்குத்தானா அக்கா? மகாராணியை நைட்டில் போட்டுவிட்டார்கள், அதைப் பகலுக்கு மாற்றித் தர வேண்டும், அதுவும் திருட்டுத்தனமாக இங்கேயிருந்து. அம்மா சாகக் கிடந்தபோது வாராதவளுக்குச் சிபாரிசு!

கருவியைத் திறக்கவில்லை. கை நேராகப் பதிலுக்குப் போனது. "ஒருவருக்காக ஷிப்ட் மாற்றித் தருவது எங்கள் வேலை அல்ல. உங்கள் மேனேஜரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்." தம்பிக்கு 'நீங்கள்' போட்டு எழுதினாள். அனுப்பிவிட்டு டீ குடித்தாள். டீ ருசியாகவே இருந்தது.

அவன் திரும்ப எழுதவில்லை. ரோஷத்தில் அவனும் அதே அப்பனுக்குப் பிறந்தவன்தானே.

அடுத்த மாதம் பொன்னுராஜ் ஒரு பேச்சுவாக்கில் சொன்னார். "உங்க தம்பியை வேலையை விட்டு அனுப்பிட்டாவளாமே, அக்கா? மில்லுல பெரிய ரகளையாம். நைட் ஷிப்ட்டை மாத்தி மாத்திப் போடுதேன்னு பொம்பளையாளுகளுக்கு வாக்குக் கொடுத்தானாம். கடைசியில அவன் பெண்டாட்டி மட்டும் பகல்லயே இருக்கா, மத்தவளுக நைட்லயே கிடக்காளுகன்னு கேட்டை மறிச்சிட்டாளுக. அந்தப் பொறுப்புல இருந்துக்கிட்டுச் சொந்தக்காரிக்கு ஓரவஞ்சனை பண்ணினா யாரு விடுவா?"

பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான் என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது. பிறகு எங்கோ இடித்தது. பகலிலேயே இருக்கிறாள் என்றால்? அவன் அனுப்பிய கோப்பில் அவள் நைட்டில் அல்லவா இருந்தாள்?

பழைய மெயிலைத் தேடி எடுத்தாள். அன்றைக்குச் செய்திருக்க வேண்டியதை இன்றைக்குச் செய்தாள். ஒட்டியதை அப்படியே எடுத்துக் கருவியில் போட்டாள். முத்தாத்தாள் பெயர் இருந்த வரி சிவப்பாகக் காட்டியது. அவளுக்கு முந்தைய ஆளின் விவரம் மூடும் இடத்தில் கமா இல்லை. பட்டியலின் கடைசியில் புதிதாக ஒரு ஆளைச் சேர்க்கிறவர்கள் எல்லோரும் விடுகிற கமா. அதை வைத்தாள். கோப்பு முழுசாகத் திறந்தது. அதற்கு முந்தின வாரப் பட்டியலையும் தேடிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதில் முத்தாத்தாள் பகலில் இருந்தாள்.

பகலிலிருந்து நைட்டுக்கு அவளை மாற்றியதே ஐயாதுரைதான். மற்ற பெண்களுக்குக் கொடுத்த வாக்குப்படி முதல் ஆளாகத் தன் பெண்டாட்டியையே நைட்டில் போட்டிருக்கிறான். அந்த ஒரு கமா இல்லாமல் புதிய கோப்பு ஏறவில்லை. ஏறாவிட்டால் பழையது அப்படியே நடப்பில் இருக்கும். அழகுத்தாய்க்கு அது மனப்பாடம். அவன் நியாயம் கோப்போடு வெளியே நின்றுவிட்டது. அவள் கோபத்தில் கற்பனை பண்ணிய குற்றம் அவன் தலையில் நிஜமாகவே விழுந்துவிட்டது.

மில் மேனேஜருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க அவனுக்கு அக்கா இல்லியா? அப்படித்தான் சொல்லுவீக" என்றார். அந்த இடத்துக்கு வேறு ஆளும் போட்டாகிவிட்டதாம்.

மறுநாள் ஆபீஸ் முடிந்து நேரே சேத்தூர் பஸ் ஏறினாள். வருஷக்கணக்காக மிதிக்காத வாசலில் போய் நின்றாள். ஐயாதுரை உள்ளே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது.

"தம்பி, ஒரு கமாதாம்லே விட்டுப்போயிருந்துச்சு. நான் பாக்கல" என்றாள்.

அவன் திரும்பவில்லை. "நீ மொதல்ல அதைத்தான் பாப்பேன்னு மில்லு பூராவும் சொல்லுவாவ. அதை நம்பித்தான் வேற ஒண்ணும் எழுதல" என்றான்.

அதற்குள் முத்தாத்தாள் தூக்குச்சட்டியோடு வெளியே வந்தாள். இவளைக் கண்டதும் தயங்கி நின்றாள். மில் வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்தது.

"உள்ள போய் உக்காருங்க, மதினி. சோறு இருக்கு" என்றபடி செருப்பை மாட்டினாள். "இவுக வேலை போன பொறவு நைட் ஷிப்ட்டை நானாத்தான் கேட்டு வாங்குனேன். அதுக்குச் சம்பளம் கொஞ்சம் கூடுதலாத் தாராவ."