நாலிலிருந்து ஒன்றுக்கு

2023 ஜூன் 14, புதன்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். மழை இல்லை, ஆனால் மோட்டார் கொட்டகையின் ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஐந்தே முக்காலுக்குப் பால் வாங்கினேன். ஆறரைக்கு மழை வரும்போலிருந்தது, காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட் இரண்டை உள்ளே எடுத்துப் போட்டேன். எட்டு ஐந்து பேருந்தில் மனைவி நெய்யாற்றின்கரைக்குப் பள்ளிக்கூட வேலைக்குப் போனாள். படியிறங்கும்போது, "நேர்காணல் முடிஞ்சா உடனே விளிக்கணும். கணக்கா எழுதி வச்சுட்டு சாயங்காலம் வாசிச்சுக் காட்டாண்டாம்" என்றாள்.

வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. திருவனந்தபுரத்தில் பதினெட்டு வருடம் மென்பொருள் எழுதியவன் நான், வயது நாற்பத்தேழு. விண்ணப்பித்த இடங்களில் பெரும்பாலானவை பதிலே போடவில்லை. நேர்காணல் வரை வந்தது இது ஒன்றுதான். அதுவும் முன்பு என்னோடு வேலை பார்த்து இப்போது அங்கிருக்கும் அதியன்னூர்க்காரர் சொல்லிவைத்ததால். பத்தரைக்கு அவர் போனில் வந்தார்.

"ஓய், லிங்க்டு லிஸ்ட்தான் கேப்பானுவ. கூட ஒரு ராண்டம் பாயிண்டர் உண்டு. ஹாஷ் மேப் எடுக்கப்பிடாதுன்னு சொல்லுவானுவ. தெரியுமில்லா?"

"தெரியும். நேற்றும் எழுதிப் பார்த்தேன்."

"நீரு எழுதிப் பாக்காத்தது எதாம் உண்டா? தோய்ச்ச துணிய மடிச்சு வச்ச மாதிரி கோடிங் எழுதுத ஆளாக்கும். வேகமா எழுதும். நாப்பத்தஞ்சு நிமிஷந்தான்."

பதினொன்றுக்குத் திரை திறந்தது. கேட்பவருக்கு முப்பது வயது இருக்கும். என் பேச்சின் இழுப்பைக் கேட்டதும் ஆங்கிலத்தை விட்டுவிட்டார்.

"சாருக்கு பாறசாலைப் பக்கமா? எனக்க வீடு களியக்காவிளை தாண்டி அஞ்சு கிலோமீட்டர். அந்தக் காலத்துல தமிழ்நாட்டோட சேரணும்னு போராட்டம் பண்ணுனவங்க ஜெயிச்சிருந்தா உங்க ஊரும் எங்க கூடத்தான் கெடந்திருக்கும்."

"அப்போதும் பேருந்து இப்படித் தாமதமாகத்தான் வந்திருக்கும்" என்றேன். சிரித்தார். அதன் பிறகு கேள்வி திரையில் வந்தது. அதியன்னூர்க்காரர் சொன்னதேதான்.

லிங்க்டு லிஸ்ட் என்பது நோடு என்னும் கண்ணிகளை ஒன்றோடொன்று கோத்த பட்டியல். ஒவ்வொரு நோடிலும் ஒரு எண் இருக்கும். அடுத்த நோடின் முகவரி இருக்கும். கூடவே ராண்டம் என்று இன்னொரு முகவரியும் இருக்கும். அது பட்டியலில் எந்த நோடையும் காட்டலாம், எதையும் காட்டாமலும் இருக்கலாம். இதை அப்படியே நகலெடுக்க வேண்டும். நகலின் முகவரிகள் நகலுக்குள்ளேயே காட்ட வேண்டும். பழைய பட்டியல் பழையபடியே மிஞ்ச வேண்டும். எந்தப் பழைய நோடுக்கு எந்தப் புதிய நோடு என்று தனி அட்டவணை வைத்துக்கொண்டால் சுலபம். அந்த அட்டவணைதான் ஹாஷ் மேப். அது கூடாது.

வழி எனக்குத் தெரியும். ஒவ்வொரு பழைய நோடுக்கும் பக்கத்திலேயே அதன் நகலைச் செருகிவிட வேண்டும்: பழைய ஒன்று, புதிய ஒன்று, பழைய இரண்டு, புதிய இரண்டு என்று. அப்புறம் அட்டவணையே வேண்டாம். பழைய நோடின் ராண்டம் எதைக் காட்டுகிறதோ, அதற்கு அடுத்து நிற்பதுதான் நமக்கு வேண்டிய நகல். எல்லா நகலுக்கும் ராண்டம் போட்டு முடித்த பிறகு, இரண்டு பட்டியலையும் பிரிக்க வேண்டும். பட்டியலை மூன்று முறை சுற்றி வர வேண்டும், மூன்று லூப்.

முதல் லூப்பைப் பதினான்கு நிமிடத்தில் முடித்தேன். இரண்டாவதை எழுதும்போது ஒரு நினைப்பு வந்தது. ஒரு நோடின் ராண்டத்தைப் போட்டாயிற்று. அந்த நோடில் இனி வேலை இல்லை. அங்கேயே பிரித்துப் பழைய இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் என்ன? மூன்றாவது லூப் மிச்சம். எடுத்த பொருளை வேலை முடிந்த கையோடு இருந்த இடத்தில் வைப்பவன் நான். ஸ்பேனரைக்கூட அப்படித்தான். பிரிக்கும் மூன்று வரியையும் இரண்டாவது லூப்புக்குள்ளேயே போட்டேன்.

நான்கு நோடு வைத்து ஓட்டினேன். ஒன்றின் ராண்டம் மூன்றைக் காட்டியது, இரண்டினுடையது நான்கை. மூன்றுக்கு ஒன்றும் இல்லை. நான்கு தன்னையே காட்டியது. எல்லாம் சரியாக வந்தது. மணி பதினொன்று நாற்பத்தொன்று.

"அழகா இருக்கு சார்" என்றார் அவர். பிறகு கொஞ்சம் தயங்கி, "நாலாவதோட ராண்டத்த மட்டும் ஒண்ணுக்குத் திருப்பி ஒரு தடவ ஓட்டுவோமா?"

திருப்பினேன். நகலின் நான்காவது நோடில் ஒன்று வர வேண்டிய இடத்தில் இரண்டு வந்தது.

பார்த்ததுமே புரிந்துவிட்டது. நான்காவதற்கு வருவதற்குள் ஒன்றாவதை நான் பிரித்துவிட்டேன். பழைய ஒன்றுக்கு அடுத்து இப்போது நகல் இல்லை, பழைய இரண்டு நிற்கிறது. நான்காவதன் நகல் அதைப் போய்ப் பிடித்துக்கொண்டது. முன்னால் காட்டும்வரை, தன்னையே காட்டும்வரை தவறு தெரியாது. பின்னால் திரும்பினால்தான் தெரியும். நான் வைத்துப் பார்த்த நான்கில் ஒன்றுகூடப் பின்னால் திரும்பவில்லை.

"சீக்கிரமே பிரிச்சு ஒதுக்கி வச்சுட்டீங்க சார்" என்றார், குரலைத் தாழ்த்தி. "நேரம் உண்டு. தனி லூப்பா மாத்துங்க."

நேரம் இருந்தது. வலது மேல் மூலையில் இரண்டு நிமிடம் பத்து விநாடி. மூன்று வரியைத் தேர்ந்தெடுத்து வெட்டினேன், ஒட்டும்வரை அவை கணினியின் நினைவில் நிற்கும். நகலெடுக்கவில்லை, வெட்டினேன், ஒரே வரி இரண்டு இடத்தில் நிற்பது எனக்குப் பிடிக்காது. பிறகு புதிய லூப்பின் தலைவரியை அடிக்கத் தொடங்கினேன். தலைவரியில் ஒரு அடைப்புக்குறி பிசகியது, அழித்தேன், மறுபடி அடித்தேன், இன்னொன்று பிசகியது. எந்தக் குறி என்று தேடிக்கொண்டிருக்கும்போது திரை சாம்பல் நிறமானது. விசையை அழுத்தினால் எழுத்து விழவில்லை.

"பூட்டிப் போச்சு சார்."

"மூன்று வரி என் கையில் இருக்கிறது. ஒட்டினால் போதும்."

"எனக்குத் தெரியும் சார். நான் பாத்தேன்லா. ஆனா தொறக்க எனக்க கையில இல்ல. இப்ப கெடக்கது அப்பிடியே தேர்வுக் குழுவுக்குப் போவும்."

கிடந்ததில் பிரிக்கும் வரிகளே இல்லை. ஓட்டினால் பழையதும் புதியதும் பின்னிக்கொண்டு எட்டு நோடாக நிற்கும். அதுவும், பாதி லூப்பை ஏற்று அது ஓடினால்.

"வாயால சொல்லிட்டீங்கன்னு குறிப்புல எழுதுகேன்" என்றார். நான் நன்றி சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டு கையசைத்தார்.

பதினொன்று ஐம்பதுக்கு மடிக்கணினியை அணைக்காமல் மூடினேன். மனைவியைக் கூப்பிடவில்லை. பிற்பகல் ஷீட்டை மறுபடி வெளியே போட்டேன், மழை வந்தது, எடுத்தேன். நான்கு இருபதுக்குக் கைபேசியில் மின்னஞ்சல் வந்தது. நான்கு வரி. மூன்றாவது வரியில் வருந்துவதாக எழுதியிருந்தார்கள். குறிப்பைப் பற்றி ஒன்றும் இல்லை. அதியன்னூர்க்காரர் கூப்பிட்டு, "நான் என்னத்தச் செய்ய மக்கா? ஓடாத கோடிங்க கையில வச்சுட்டு நான் யாருட்ட என்ன சொல்ல?" என்றார். அவர் சொன்னது சரி.

ஐந்தே காலுக்கு மனைவி வந்தாள். என்னைப் பார்த்தாள், குடையை மடக்கினாள்.

"தெரியாத்ததா கேட்டானுவ?"

"தெரிந்ததுதான்."

"அப்பம் என்னா?"

சொல்ல ஆரம்பித்தேன். செருகுவது, ராண்டம் போடுவது, பிரிப்பது. மேசையில் நான்கு தீப்பெட்டியை வைத்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். "அப்பம் ஒதுக்காம கொஞ்ச நேரம் போட்டு வச்சிருந்தா கெடச்சிருக்கும்" என்றாள். ஆமாம் என்றேன். தீப்பெட்டிகளை எடுத்து அடுக்கப் போனேன். "அது அங்கன கெடக்கட்டு" என்றாள்.

வியாழக்கிழமை ஐந்து பத்துக்கு எழுந்தேன். பல் தேய்க்கும் முன்பே மடிக்கணினியைத் திறந்தேன். முதல் இரண்டு லூப்பையும் என் கோப்பில் அடித்தேன், மூன்றாவதன் தலைவரியையும் அடித்தேன். பிறகு ஒட்டும் விசையை அழுத்தினேன். நேற்று வெட்டிய மூன்று வரியும் அப்படியே வந்து விழுந்தன. நாலிலிருந்து ஒன்றுக்குத் திருப்பி ஓட்டினேன். ஒன்று என்று வந்தது.