குழாய் வைத்த கேன்

என் அக்காவுக்கு அடுக்குமாடிக்காரர்கள் வைத்த பெயர் ரீடிங்கம்மா. புதிதாகக் குடிவந்த ஒருவர், கரண்ட் மீட்டர் பார்க்கிறவள் என்று நினைத்து அக்காவை மாடிப்படிக்கு அடியில் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறார். "சாமி, நான் பாலுக்கு ரீடிங் பாக்குறவ. உங்க மீட்டர்ல கறந்தா ஷாக்குதான் வரும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அவள் பால் விற்ற விதம் அப்படி. மற்றவர்கள் லிட்டருக்கு ஒரே விலை வைத்து வருஷம் முழுக்க விற்பார்கள். அக்கா இரண்டு கிடேரிகளை விற்று ஒரு பால் மிஷின் வாங்கினாள். அரை டம்ளர் பாலை வெதுவெதுப்பாக்கி அதன் குழலுக்கு அடியில் வைத்தால், ஒரு நிமிஷத்தில் இரண்டு எண் காட்டும், சீட்டும் அடித்துத் தரும். ஒன்று ஃபேட், அதாவது கொழுப்பு. இன்னொன்று எஸ்.என்.எஃப். கொழுப்பையும் தண்ணீரையும் கழித்துவிட்டால் பாலில் மிச்சம் இருக்கிற சத்து அது. ஃபேட்டில் ஒரு பாயிண்டுக்கு ஆறு ரூபாய், எஸ்.என்.எஃப்பில் ஒரு பாயிண்டுக்கு மூன்று ரூபாய். இரண்டையும் கூட்டினால் அன்றைய விலை. நாலு புள்ளி இரண்டும் எட்டு புள்ளி ஆறும் வந்தால் லிட்டர் ஐம்பத்தொன்று. பசும்புல் குறைந்தோ வெயில் ஏறியோ ஃபேட் இறங்கினால் விலையும் இறங்கும். சீட்டைக் கேன் மேலேயே ஒட்டி அனுப்புவாள்.

"என்னக்கா, குறையுறதை எல்லாம் நீயே தம்பட்டம் அடிக்கணுமா?" என்று கேட்டால், "கூடுறப்ப வாங்கிக்கிறேன்ல?" என்பாள். அதற்கு மேல் பேச்சு கிடையாது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், இந்தப் பெருக்கலைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள்.

எட்டு மாடு. மாமா போன பிறகு மூன்று வருஷமாக அவள் ஒருத்திதான் பார்த்தாள். கறப்பு, தீவனம், சாணி, ஊசி எல்லாம் அவள். வண்டியில் கொண்டுபோய் ஊற்றுவது மட்டும் நான். மாலைப் பாலைக் கறந்ததும் கலக்கி, ரீடிங் எடுத்து, நாற்பது லிட்டர் கேனில் ஊற்றி ஐஸ் தொட்டியில் இறக்கிவிடுவோம். விடிந்ததும் அதுதான் வீடுகளுக்குப் போகும். காலைக் கறப்பு முடிவதற்குள் அடுக்குமாடியில் காபி ஆறிவிடும் என்பதால், காலையில் கறப்பது மொத்தமாகப் பால் பண்ணைக்குப் போகும். பண்ணைக்காரன் கொடுப்பது தீவனத்துக்குக்கூடக் காணாது. எட்டு மாடும் சோறு தின்றது வீட்டுக்கு ஊற்றிய பாலில்தான். அதிலும் அடுக்குமாடியின் இருபத்திரண்டு வீடு எடுத்த இருபத்தெட்டு லிட்டரில். மிச்சம் பன்னிரண்டு லிட்டர் பின்தெரு வரிசை வீடுகளுக்கு. கடைசி வீடு தையல்காரம்மா வீடு.

பழைய கேன் வாய் திறந்த கேன். நீளக் கம்பியில் தட்டு வைத்த கலக்கி ஒன்று அதிலேயே கிடக்கும். ஒவ்வொரு வாசலிலும் நாலு குத்துக் குத்திவிட்டு மொண்டு ஊற்றுவேன். அடுக்குமாடியில் அதைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்கள். "கை படாம ஊத்த முடியாதா?" என்றார் முதல் வீட்டுப் பல் டாக்டர். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. அடியில் குழாய் வைத்த புதுக் கேன் வாங்கி வந்தேன். மூடி இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளும். குழாயைத் திருகினால் பால். டாக்டர் தட்டிக் கொடுத்து, "இதான்யா முறை" என்றார். கலக்கியை நான் தொழுவத்து ஆணியில் மாட்டிவிட்டேன். அரை மணி நேரம் வண்டி குலுங்குகிற குலுங்கலே கலக்காதா என்று நினைத்தேன். கழுத்து வரை நிரம்பிய கேனில் பால் தளும்ப இடமே இல்லை என்பது என் மண்டைக்கு எட்டவில்லை.

நாலாம் நாள் அடுக்குமாடியில் ஓர் அம்மா, "பால்ல ஆடையே கட்டலையேப்பா" என்றார். "அடுப்பைக் குறைச்சு வைங்கம்மா" என்றேன். அதே நாள் தையல்காரம்மா வாசலில், "தம்பி, மூணு நாலு நாளா பாலு கெட்டியா வருது, மாட்டுக்கு பாதாம் போடுறீங்களா?" என்று சிரித்தாள். "நாங்களே பாதாமைக் கண்ணால பாத்ததில்ல" என்று நானும் சிரித்தேன். இரண்டு பேச்சையும் ஒரே காதில்தான் வாங்கினேன். சேர்த்து யோசிக்கவில்லை.

பதினோராம் நாள் டாக்டர் ஒரு காகிதத்தோடு வாசலில் நின்றார். பாலைப் புட்டியில் அடைத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்பியிருக்கிறார். "உங்கக்காவை வரச்சொல்லு" என்றார். போன் போட்டேன். சாணிக் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வந்தாள்.

"ஏம்மா, சீட்டுல நாலு புள்ளி ரெண்டு. இங்க ரெண்டு புள்ளி எட்டு. எவ்வளவு தண்ணி ஊத்துனீங்க?"

அதற்குள் படியிறங்கிய ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றுவிட்டார்கள். அக்கா காகிதத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தாள்.

"டாக்டர், தண்ணி ஊத்தினா ரெண்டும் இறங்கும். ஃபேட்டு இவ்வளவு இறங்கணும்னா, எஸ்.என்.எஃப் அஞ்சே முக்காலுக்கு வந்திருக்கணும். இதுல எட்டு புள்ளி ஏழு இருக்கு. எங்க சீட்டுல எட்டு புள்ளி ஆறுதான், இது கொஞ்சம் கூடவே இருக்கு. இது தண்ணி இல்லீங்க."

டாக்டர் காகிதத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். அவருக்கும் படிப்பு இருக்கிறதே, சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"அப்போ கொழுப்பை மட்டும் எடுத்திருக்கீங்க."

அக்கா காகிதத்தை மறுபடி வாங்கிப் பார்த்தாள். தண்ணீர் இல்லை என்று காட்ட அவள் எடுத்து நீட்டிய கணக்கே, வெண்ணெய் எடுத்தாள் என்று சொல்லிவிட்டது. "தண்ணி ஊத்துறவனாவது பச்சத்தண்ணியோட நிறுத்திக்குவான், இவங்க வெண்ணெயையே வழிச்சிட்டாங்க" என்று கூட்டத்தில் ஒருத்தர் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். நான் கையை ஓங்கிக்கொண்டு போனேன். "டேய், நில்லு" என்றாள் அக்கா. அப்படியே நின்றேன்.

மறுநாள் காலை யாருக்கும் பால் போகவில்லை. தொட்டியிலிருந்து கேனைத் தூக்கித் தொழுவத்து வாசலில் வைக்கச் சொன்னாள். குழாயைத் திருகி அரை டம்ளர் பிடித்து, வெதுவெதுப்பாக்கி மிஷினில் வைத்தாள். இரண்டு புள்ளி எட்டு, எட்டு புள்ளி ஏழு. பிறகு இருபத்தெட்டு லிட்டரை வாளிகளில் வடித்துவிட்டு மறுபடி பிடித்தாள். ஃபேட் ஏழரை. நானே சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். ராத்திரி முழுக்கக் குளிரில் அசையாமல் நின்ற பாலில் கொழுப்பு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. குழாயோ அடியில். முதல் வீடுகளுக்கு வெறும் பால், கடைசி வீடுகளுக்கு வெண்ணெய். எல்லோருக்கும் ஒரே விலை.

வாளிப் பாலையெல்லாம் கேனில் மிச்சம் இருந்ததோடு திரும்ப ஊற்றி, ஆணியிலிருந்து கலக்கியை எடுத்துக் குத்தினாள். நாலு புள்ளி இரண்டு வந்தது.

"என் தப்புதான்க்கா" என்றேன்.

"பேசாம வண்டியை எடு. சாயங்காலம் எல்லாரையும் கூடச் சொல்லிட்டு வா" என்றாள்.

சாயங்காலம் அடுக்குமாடிக் கூட்ட அறையில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மேசை மேல் மிஷினை வைத்தாள். கையோடு கொண்டுபோன குழாய்ப் பால், மேல் பால், கலக்கிய பால் மூன்றையும் கண் முன்னால் ரீடிங் எடுத்துக் காட்டினாள். நின்றுகொண்டேதான் பேசினாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"இன்னைக்கு நீங்க எதை எப்படிக் கொண்டு வந்தீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஒருவர்.

"நாளைக்கு நீங்களே ஒருத்தர் தொழுவத்துக்கு வந்து பாருங்க."

"எங்களுக்கு வேற வேலை இல்லையாம்மா?"

அக்கா ஒரு தாளை எடுத்தாள். இரண்டு புள்ளி எட்டுக்கும் எட்டு புள்ளி ஏழுக்கும் விலை கிட்டத்தட்ட நாற்பத்து மூன்று. அவர்கள் கொடுத்தது ஐம்பத்தொன்று. லிட்டருக்கு எட்டு ரூபாய் அதிகம், பதினோரு நாளைக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதி, எண்ணிக் கவரில் போட்டு வைத்திருந்தாள். எனக்கே அப்போதுதான் தெரியும்.

"தெரிஞ்சு பண்ணல. ஆனா கூட வாங்கினது வாங்கினதுதான்" என்று கவர்களை மேசையில் அடுக்கினாள்.

அங்கேதான் ஆட்டம் முடிந்தது. பணத்தைக் கண்டதும் எல்லோர் முகமும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் குரலைத் தாழ்த்தி, ஆதரவாகவே சொன்னார், "ஒத்துக்கிட்டீங்களே, அதுவே பெரிய விஷயம்மா. போலீசு அது இதுன்னு போக வேண்டாம். இதோட விட்டுடலாம்."

"நான் எதை ஒத்துக்கிட்டேன்?" என்றாள் அக்கா.

எல்லோரும் அவரவர் கவரைத் தேடி எடுப்பதில் மும்முரமாக இருந்தார்கள். மறுநாளிலிருந்து பாக்கெட் பால் என்று அவர்கள் போன் குழுவில் போட்டுவிட்டார்கள். ஒரு கவர்கூட மேசையில் மிஞ்சவில்லை.

வரும் வழியில் தையல்காரம்மா வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். விஷயம் எங்களுக்கு முன்னாலேயே அவளிடம் வந்துவிட்டது.

"அக்கா, அப்போ நாங்க நிறைய கொழுப்பு குடிச்சிருக்கோமே, நாங்க மேல தரணுமா?" கையில் முந்தானையைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"வேணாம்மா. குடிச்சது உடம்புல சேரட்டும்."

"நாளைக்கும் ஒரு லிட்டரு ஊத்துங்க. நாங்க பாக்கெட்டுக்குப் போகல."

ஒரு லிட்டர். தொட்டியில் இருபத்தெட்டு லிட்டர் அநாதையாக நின்றது.

பண்ணைக்கு ஊற்றிப் பார்த்தாள். ஒரு மாதம் தாங்கினாள். தவிட்டைக் குறைத்தாள், பால் குறைந்தது, ஃபேட்டும் குறைந்தது. பிறகு ஐந்து மாட்டை விற்பது என்று முடிவானது. தரகன் ஒரு வியாபாரியைக் கூட்டி வந்தான். வியாபாரி ஒவ்வொரு மடியாகத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தான். செவலை மாட்டிடம் வந்ததும், "இது எப்படி, நல்லா கொழுப்பு வருமா?" என்றான்.

நான் முந்திக்கொண்டு, "நாலரைக்குக் குறையாது" என்றேன்.

"மூணு புள்ளி ஒண்ணு" என்றாள் அக்கா. "வெயிலுக்கு இறங்கினது இன்னும் ஏறல. பழைய சீட்டெல்லாம் உள்ள இருக்கு, வேணும்னா பாருங்க."

வியாபாரி தரகனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பேசிய விலையில் பெரிய துண்டு ஒன்றைக் கழித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைத் தீவனக் கொட்டகைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"உனக்குப் புத்தி கித்தி இருக்கா? இங்கேயும் ரீடிங்கா? யார் மிஷினை வச்சுப் பாக்கப் போறான்?"

"இப்ப ஒரு பொய் சொன்னா, அன்னைக்கு டாக்டர் சொன்னது நெஜமாயிடும்டா" என்றாள். குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

செவலை லாரியில் ஏறமாட்டேன் என்று முரண்டு பிடித்தது. இரண்டு பேர் வாலை முறுக்கினார்கள். அக்கா அவர்களை விலக்கிவிட்டு, அதன் கழுத்தில் கை வைத்து, தானே பலகை மேல் நடத்திக்கொண்டு போய் ஏற்றினாள். இறங்கி வந்து மிச்சம் மூன்று மாட்டைக் கறக்க உட்கார்ந்தாள். பின்தெருவுக்கு எடுத்து வைத்தது போக அன்றைய மாலைப் பால் ஒரு வாளிக்கும் குறைவு. ரீடிங் எடுக்க மிஷினை நான் கொண்டுவந்து வைத்தேன். அவள் அதைப் பார்க்காமல் வாளியை அப்படியே தூக்கிக்கொண்டு பண்ணைக்கு நடந்தாள்.