பதினோரு சமையலறைகள்

முருகனிடம் நான் அந்த வருஷம் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். டூர் இல்லாத வேலை.

எழுபதுகளின் கடைசி. பிரஷர் குக்கர் செய்யும் கம்பெனி ஒன்றின் டெல்லிக் கிளையில் சேல்ஸ்மேனாக இருந்தேன். மாதத்தில் இருபது நாள் மீரட், மொரதாபாத், சஹாரன்பூர், அம்பாலா என்று பாத்திரக் கடை பாத்திரக் கடையாக ஏறி இறங்குவேன். மனைவி இரண்டு குழந்தைகளோடு கிட்வாய் நகரில், ஒரு சர்க்கார் குமாஸ்தாவின் குவார்ட்டர்ஸில் நாங்கள் உள்வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறையில் இருந்தாள். ஒரு தடவை டூர் முடிந்து வந்து கதவைத் தட்டினேன். இரண்டரை வயதுச் சின்னப் பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி, "கோயி ஆயா ஹை" என்றாள். யாரோ வந்திருக்கிறார்களாம். மனைவி சிரித்துக்கொண்டே வந்து கதவைத் திறந்தாள். திறந்த பிறகு சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கிளை ஆபீஸிலேயே மார்க்கெட்டிங் பிரிவில் ஓர் இடம் காலியாயிற்று. உள்ளே இருப்பவர்களும் மனுப் போடலாம் என்று சர்க்குலர் வந்தது. நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன். எனக்கு எதற்கு என்று பேசாமல் இருந்தேன். என்னோடு சேல்ஸில் இருந்து முந்தின வருஷம் அந்தப் பிரிவுக்கு மாறிய பஞ்சாபி நண்பன்தான் விடவில்லை. கனாட் பிளேஸில் ஆபீஸுக்குப் பின்பக்கம் டீ குடிக்கும்போது பிடித்துக்கொண்டான்.

"அரே மதராசி, போய் என்ன சொல்லுவே? சொல்லிக் காட்டு."

"டார்கெட்டுக்கு மேலே வித்திருக்கேன்னு சொல்லுவேன்."

"போச்சு. நல்ல சேல்ஸ்மேன்னு எழுதிட்டு உன்னை சேல்ஸ்லயே வெச்சிடுவாங்க. எவ்வளவு வித்தேங்கிறது அவங்களுக்கே தெரியும், தோஸ்த். ஏன் வித்தது, ஏன் விக்கலை, அதைச் சொல்லு. கடைக்காரன் மனசு உனக்குத் தெரியும். அடுத்த கம்பெனி என்ன ஸ்கீம் விடறான்னு பம்பாய் ஹெட் ஆபீஸுக்குத் தெரியறதுக்கு முன்னாடி உனக்குத் தெரியும். ஆர்டர் புக்கைப் படிக்கத் தெரியும். இதெல்லாம் அங்கேயும் வேணும். ஆனா சும்மா 'எனக்குத் தெரியும் ஸார்'னு சொன்னா நம்பமாட்டாங்க. ஒவ்வொண்ணுக்கும் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லு. என்ன பார்த்தே, யாரைக் கேட்டே, என்ன செஞ்சு பார்த்தே, அப்புறம் என்ன மாறிச்சு. அவ்வளவுதான்."

"படிப்பு?"

"படிப்பைப் பத்தி அவங்க கேட்டாத்தான் பேசணும். நீயா ஆரம்பிச்சு மன்னிப்புக் கேக்காதே."

நடந்த விஷயம் என்னிடம் ஒன்று இருந்தது. அதுவும் நல்ல விஷயம்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஆர்டர் புக்கைப் புரட்டும்போது ஒன்று கவனித்திருந்தேன். எங்கள் காலனிப் பக்கத்து மார்க்கெட்டில் கல்யாண சீசனில் குக்கர் நன்றாகப் போகும். ஆனால் காஸ்கெட் போகாது. மூடியில் மாட்டும் அந்த ரப்பர் வளையம் தினம் சமைத்தால் ஒரு வருஷம் வரும், மிஞ்சினால் கொஞ்சம் கூட. அப்புறம் மாற்றியே ஆகவேண்டும். காஸ்கெட் விற்கவில்லை என்றால் வாங்கின குக்கர் அடுப்பில் ஏறவில்லை என்று அர்த்தம். இதைக் கண்டுபிடித்தது நான்தான், அதில் சந்தேகமில்லை.

வீட்டில் சொன்னேன். மனைவி சாதம் பிசைந்துகொண்டே, "அப்ப குக்கர் எங்கே இருக்குன்னு கேட்டா தெரிஞ்சுட்டுப் போறது" என்றாள்.

"யாரைக் கேக்கறது? நான் போய் அடுத்த வீட்டுப் பொம்பளைங்ககிட்ட கேக்க முடியுமா?"

"நீங்க ஏன் கேக்கணும்? நான் இல்லையா?"

அடுத்த டூர் முடிந்து வந்தபோது காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். பதினோரு வீடு. குக்கர் இருக்கிறதா, யார் வாங்கிக் கொடுத்தது, எங்கே வைத்திருக்கிறார்கள், ஏன் எடுப்பதில்லை. ஏழு வீட்டில் கல்யாணச் சீர். நான்கு வீட்டில் அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பீரோ மேலே. ஒருத்தி அதில் கோதுமை மாவு கொட்டி வைத்திருந்தாளாம். தால் பொங்கி விசில் வழியாக அடுப்பெல்லாம் வழிகிறது என்றார்கள். வெடிக்கும் என்று பயந்தார்கள். கூடவே கொடுத்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அதில் புட்டிங்கும் ஸ்டியூவும் செய்யச் சொல்லியிருந்தது. ராஜ்மா எவ்வளவு நேரம் என்று ஒரு வரி இல்லை.

அதோடு விட்டாளா? ஆறு வீட்டுக்குப் போய்ச் சமைத்தே காட்டினாள். பருப்புக்குப் பாதிக்கு மேல் நிரப்பாதே, ஒரு சொட்டு எண்ணெய் விடு, ஆவி நன்றாக வந்த பிறகு வெயிட்டைப் போடு. அவளுடைய அரைகுறை ஹிந்தியில்தான். "பஹன்ஜி, டரோ மத், மை ஹூம் நா" என்றாளாம், பயப்படாதே நான் இருக்கிறேன் என்று. அடுத்த வருஷத்துக்குள் அந்த மார்க்கெட்டுக் கடை காஸ்கெட்டை டஜன் கணக்கில் கேட்க ஆரம்பித்தது.

இன்டர்வியூ அன்று காலையில் மலைக் கோயில் முருகனைப் பார்த்துவிட்டு, விபூதியை நெற்றியில் லேசாக வைத்துக்கொண்டு புறப்பட்டேன். அந்தக் காலண்டர் தாளை அவளே மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள். "கேட்டா காட்டுங்க. கையெழுத்துதான் கோழி கிளறின மாதிரி இருக்கு."

பம்பாயிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் பெரியவர். இன்னொருவர் முப்பது வயதிருக்கும் ஒரு பெண், காட்டன் புடவை, கையில் பென்சில். நண்பன் சொன்னபடியே பேசினேன். எனக்கு வந்த இங்கிலீஷில் காஸ்கெட் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். பெரியவரைப் பார்த்து, "நம்ம ஆள் யாரும் இதைச் சொல்லலையே" என்றார். எனக்கு உடம்பு புல்லரித்தது. முருகா என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கேட்டார். "சரி, ஏன் உபயோகிக்கலைன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"பயம் மேடம். புத்தகமும் இங்கிலீஷ்ல இருக்கு."

"அது காரணம். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கறேன். சமைக்கிறவங்ககிட்டப் பேசினீங்களா? எத்தனை வீடு?"

பதில் என் சட்டைப் பையில் இருந்தது. கை பாதி தூரம் போயிற்று. அங்கே நின்றுவிட்டது.

ஆபீஸில் வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் அப்பா, அம்மாவைப் பற்றி வெளியில் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை, அதுதான் மரியாதை என்று வளர்ந்தவன் நான். பெண்டாட்டி வீடு வீடாகப் போய்க் கேட்டாள் என்று சொன்னால் என்ன நினைப்பார்கள்? கிழித்த காலண்டர் தாளை நீட்டினால் சிரிக்கமாட்டார்களா? இப்படி நான் நினைத்தது உண்மை. ஆனால் முழு உண்மை அது இல்லை. அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு மட்டும் வேண்டும் என்றும் உள்ளே ஒன்று சொல்லிற்று. இதைச் சாமியிடம் எத்தனையோ முறை ஒப்புக்கொண்டுவிட்டேன்.

"எட்டு வருஷ அனுபவத்துல தெரியும் மேடம்" என்றேன்.

"எந்தச் சமையலறைக்குள்ளேயாவது போய்ப் பார்த்தீங்களா?"

"அனுபவத்துல..." என்றேன் மறுபடியும்.

பென்சில் கீழே இறங்கிவிட்டது. பெரியவர் படிப்பைப் பற்றிக் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார். நண்பன் ஒரு வாரம் கழித்து விசாரித்துச் சொன்னான். என் மனைவியை அவன் பாபிஜி, அதாவது அண்ணி, என்றுதான் சொல்வான். "கடையைத் தெரிஞ்சவன், ஆனா வாங்கறவங்ககிட்டப் பேசறவன் இல்லைன்னு எழுதியிருக்காங்க. ஏன் தோஸ்த், பாபிஜி பதினோரு வீடு கேட்டாங்கன்னு நீயே சொன்னியே என்கிட்ட? அதைத்தானே அவங்க தேடினாங்க! அதுதான் அந்த வேலையே. நீ போய்க் கேக்கணும்னு இல்லை, கேக்க வைக்கணும்னு தெரிஞ்சாப் போதும்."

விற்பனையிலிருந்து அந்தப் பக்கம் போக நினைக்கிற யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். அது யார் வழியாகத் தெரிய வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதனால் உங்கள் மதிப்புக் குறையாது. நான் குறையும் என்று பயந்தேன்.

அந்த வேலை கிடைக்காமல் போனது பெரிதில்லை. இன்டர்வியூ முடிந்து வீட்டுக்கு வந்தேன் அல்லவா, வாசலிலேயே கேட்டாள்.

"காட்டினீங்களா?"

"ம்."

"என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்குன்னாங்க. பம்பாய்லேர்ந்து ஒரு அம்மா வந்திருந்தாங்க, அவங்க முழுக்கப் படிச்சுப் பார்த்தாங்க."

அவள் முகம் மலர்ந்ததை எப்படி எழுதுவது? கையெழுத்தைப் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அன்று சாயங்காலமே மாடி வீட்டு சர்தாரிணியிடம் போய், பெரிய ஆபீஸர்கள் நம்ம லிஸ்டைப் படித்தார்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். வேலை கிடைக்கவில்லை என்று தெரிந்தபோதும் என்னைத்தான் தேற்றினாள். "படிச்சுப் பார்த்தாங்க இல்லே, அதுவே பெரிசு. முருகன் வேற வழி வெச்சிருப்பான்." நான் பூஜை அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு அவள் பக்கம் திரும்பாமல் இருந்தேன்.

முருகன் வேறு வழியும் வைத்தான். மூன்று வருஷம் கழித்து அதே பிரிவில் இன்னொரு இடம் வந்தது. நண்பன் ஓடி வந்தான். அதே அம்மாள்தான் வருகிறாராம். "இந்தத் தடவை பாபிஜி லிஸ்டை மேஜை மேல வெச்சுட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கணும், புரிஞ்சுதா?"

வீட்டில் சொன்னேன். சின்னவள் அப்போது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். நான் மறுநாள் சஹாரன்பூர் போகவேண்டும். மனைவி என் வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்தபடி கேட்டாள்.

"அதே அம்மாவா?"

"அதே அம்மாதான்."

"அன்னிக்கு முழுக்கப் படிச்சுப் பார்த்துட்டுத்தானே வேண்டாம்னாங்க? மறுபடியும் அவங்க முன்னாடி போய் எதுக்கு நிக்கணும்? எனக்கு டூர் பழகிப் போச்சுங்க. நீங்க தலைகுனிஞ்சு வர்றதுதான் பழகலை."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவங்க படிக்கலை, நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை என்று. ஒரு வாக்கியம்தான். அவள் கோபப்பட்டிருப்பாள், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள், மூன்றாம் நாள் அவளே தாளை எடுத்துக் கொடுத்து அனுப்பியிருப்பாள். அவளை எனக்குத் தெரியும். சர்தாரிணிக்கு என்ன பதில் சொல்வாள் என்று நினைத்தேன். அதுவும் ஒரு சாக்குத்தான். "சரிதான்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினேன். அப்புறமும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

டூர் முடிந்து ஆபீஸுக்கு வந்ததும் நண்பன் கேட்டான், மனுப் போட்டாச்சா என்று.

"இல்லை. வீட்டிலே வேண்டாம்னு சொல்றாங்க" என்றேன்.

ஆபீஸுக்குள் நின்றுகொண்டு அவளைப் பற்றி நான் பேசினது அந்த ஒரு தடவைதான்.