ஏழாம் மேசையின் உரிமையாளர்

வியாபாரப் பெயர்களைப் பதிவு செய்து தரும் எங்கள் வக்கீல் அலுவலகத்துக்கு அவர் முதல் முறையாக வந்தபோது நடந்த பேச்சை வரிசையாகவே சொல்கிறேன். பிறகு அதைப் பற்றிப் பலரும் என்னிடம் கேட்டார்கள். திரும்பத் திரும்பச் சொன்னதில் மனப்பாடம் ஆகிவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்ததும் என் சட்டைக் கையைப் பார்த்தார்.

"அது பேனா மையா, பிரிண்டர் மையா?"

பிரிண்டர் மை என்றேன்.

"அப்ப தண்ணி காட்டாதீங்க, பரவிடும். அப்படியே வைங்க, நான் வழி சொல்றேன்." அதன் பிறகுதான் வந்த விஷயத்துக்கு வந்தார். துணிக்கறை எடுக்கும் ஒரு சோப்புக்கட்டியைத் தானே செய்வதாகவும், அதை விற்கத் தொழில் தொடங்கப்போவதாகவும், அதற்குப் பெயர் வேண்டும் என்றும் சொன்னார். "மூணு பேர் வெச்சிருக்கேன். முதல் பேரு, கறைபோக்கி."

அது கிடைக்காது என்றேன். சோப்பு செய்யும் வேலையைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. அந்த வார்த்தை சோப்பு விற்கும் எல்லாருக்கும் தேவைப்படும், ஒருத்தருக்கு மட்டும் பதிவாளர் கொடுக்கமாட்டார்.

"முகமூடி போட்டுக்கிட்டு கடை திறக்கச் சொல்றீங்க" என்றார். "சரி, ரெண்டாவது. பளிச்."

கணினியில் தேடினேன். சோப்பு, சலவைத்தூள் எல்லாம் அடங்கிய அதே வகுப்பில் 'பளிச்சோ' என்று ஒன்று பதினோரு வருடத்துக்கு முன்பே பதிவாகி, இன்னும் உயிரோடு இருந்தது.

"அதுல ஒரு ஓ கூட இருக்கே."

"கடையில நின்னு கேக்கறவங்க ஓவை எண்ணிப் பாக்கமாட்டாங்கண்ணே. குழப்பம் வரும்னு தோணினாலே போதும், நிறுத்திடுவாங்க."

சிரித்துவிட்டு, மூன்றாவதைச் சொல்லக் கொஞ்சம் தயங்கினார். "இது பேரு மாதிரியே இருக்காது. ஏழாம் மேசை."

அதுதான் நல்ல பெயர் என்று உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் நாளே ஆசை காட்டக்கூடாது என்பது எங்கள் அலுவலக வழக்கம். அதனால், பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி, தேடல் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். 'உரிமையாளர்' என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினார். எழுத்து பெரிதாக இருந்ததால் கடைசி இரண்டெழுத்து கட்டத்தைத் தாண்டி வெளியே போயிற்று.

அவரை எல்லாரும் நுரை அண்ணன் என்றே கூப்பிட்டார்கள். விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். அங்கே ஏழு மேசைகள். ஆறு மேசைகளில் துணி பிரிப்பார்கள், எண் போடுவார்கள், மடிப்பார்கள். மற்றவர்கள் கைவிட்ட துணி ஏழாவது மேசைக்குப் போகும். ரத்தம், துரு, எண்ணெய், உதட்டுச்சாயம். அந்த மேசையில் அவர் ஒருவர்தான். கறையைப் பார்த்தே அது எத்தனை நாள் பழையது, இடையில் யார் எதைப் போட்டுத் தேய்த்துக் கெடுத்தார்கள் என்று சொல்லிவிடுவார். விரல் நுனிகளில் ரேகை தேய்ந்து போயிருந்தது. கைரேகை கேட்கும் இயந்திரம் எதுவும் அவரை ஏற்றுக்கொண்டதில்லை. "நான் செத்தா யாருன்னு கண்டுபிடிக்க முடியாது தங்கச்சி" என்று அதையும் வேடிக்கையாகவே சொல்வார்.

கூடத்துக்குப் புது இயந்திரங்கள் வந்ததும் ஏழாவது மேசையை எடுத்துவிட்டார்கள். அவரை மடிக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். அப்போதுதான், பல வருடமாக வீட்டுச் சமையலறையில் காய்ச்சித் தன் வேலைக்கு மட்டும் வைத்திருந்த கட்டியை வெளியில் விற்க முடிவு செய்தார்.

அதற்கு அவரைத் தூண்டிவிட்டவர் அவருடைய தங்கையின் கணவர். அப்பா அம்மா இல்லாத தங்கையை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் இவர்தான். சலவைக்கூடத்து வண்டி ஓட்டும் வேலையை மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்ததும் இவர்தான். மாப்பிள்ளை படிவம், கடவுச்சொல், இணையக் கட்டணம் எல்லாவற்றிலும் கெட்டிக்காரர். நுரை அண்ணனுக்கு அதில் பெருமை. "நம்ம மாப்பிள்ளை போனா பூட்டின ஆபீசும் திறக்கும்" என்பார்.

இரண்டு நாள் தேடினேன். நான் இரண்டு மொழியில் படித்தவள் என்பதால்தான் இந்த வேலை எனக்குக் கிடைத்தது. ஒரு பெயரை அதே எழுத்தில் தேடினால் போதாது. அதே ஓசையில், அதே பொருளில், இன்னொரு மொழிக்கு மாற்றினால் வரும் வடிவத்தில் எல்லாம் தேட வேண்டும். பதிவு செய்யாமலே யாராவது அந்தப் பெயரில் கடை நடத்துகிறார்களா, இணைய முகவரி காலியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மேசை செய்யும் தச்சுக்கடை ஒன்றுக்கு ஓரளவு நெருங்கிய பெயர் இருந்தது; அது மரச்சாமான் வகுப்பு, தொந்தரவில்லை. சலவைக்கூடம் அந்தச் சொற்களை வெளியில் எங்கேயும் பயன்படுத்தியதில்லை. அறிக்கையை நுரை அண்ணன் பெயருக்குத் தேதி போட்டுக் கொடுத்தேன். பெயர் காலி, சோப்புக்குப் பாதுகாக்கவும் முடியும். வக்கீலம்மா கையெழுத்துப் போட்டார்.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். உடனே விண்ணப்பம் போடச் சொன்னார். யார் முதலில் போடுகிறார்களோ அவர்களுக்குத்தான் அந்தத் தேதியின் பலம் என்று நான் சொல்லியிருந்தேன். தான் காலை முதல் மாலை வரை கூடத்தில் நிற்பதால், மற்ற விவரங்களுக்கு மாப்பிள்ளை போன் செய்வார் என்றும், கேட்டு வாங்கிக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை போன் வந்தது. அன்றோடு மாப்பிள்ளையும் எங்கள் கட்சிக்காரர் ஆகிவிட்டதால், அந்தப் போனில் என்ன பேசினோம் என்பதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. அதன் முடிவில், விண்ணப்பதாரர் என்ற இடத்தில் மாப்பிள்ளையின் பெயரை நான் தட்டச்சு செய்தேன் என்று மட்டும் சொல்லலாம். அது பதிவேட்டிலேயே இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் தேடல் படிவம் ஒரு கோப்புக்குப் போகும். விண்ணப்பம் புதிதாக இன்னொரு கோப்பில் தொடங்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. ஒரு போன் செய்து அண்ணனிடம் கேட்டிருக்கலாம். வேலை நேரத்தில் அவர் போனை எடுப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அண்ணனுக்குக் கிடைத்தது விண்ணப்ப எண் மட்டும்தான். அதை மாப்பிள்ளை குறுஞ்செய்தியில் அனுப்பினார். நுரை அண்ணன் நகராட்சியில் போய் 'ஏழாம் மேசை' என்று தன் பெயரில் வியாபார உரிமமும் எடுத்துக்கொண்டார். உரிமம் வேறு, பெயரின் மேல் உள்ள உரிமை வேறு என்பது அவருக்குத் தெரியாது. இரண்டும் கையில் இருப்பதாக நினைத்து உறை அச்சடித்தார்.

ஏழு மாதம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வந்தார். கையில், விண்ணப்பித்த பெயர்களைப் பதிவாளர் வெளியிடும் பதிவிதழின் ஒரு பக்கம் இருந்தது. அவருடைய சோப்பை அடுக்கச் சம்மதித்த கடைக்காரர், வழக்கப்படி விண்ணப்ப எண்ணைச் சரிபார்த்திருக்கிறார். அதில் வேறு பெயர் இருக்கவே, அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"தட்டச்சுல தப்பு விழுந்திருக்கு தங்கச்சி" என்றார். "போன் பண்ணின ஆளு பேரையே போட்டுட்டீங்க போல. பரவாயில்ல, மாத்திக் கொடுங்க. நான் யார்கிட்டயும் சொல்லல."

என்னைக் காப்பாற்றுவதுபோல் மெதுவாகத்தான் சொன்னார். அது எழுத்துப்பிழை இல்லை என்றும், விண்ணப்பத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பதாரரே கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"அவ்வளவுதானே. மாப்பிள்ளை போட்டுடுவாரு" என்று எழுந்தார்.

மூன்று நாள் ஆளைக் காணவில்லை. நான்காம் நாள் வந்தபோது சட்டைப்பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. தங்கை வீட்டில் என்ன நடந்தது என்று சொன்னார். மாப்பிள்ளை கோபப்படவில்லை, மறைக்கவும் இல்லை. உட்கார வைத்து, ஒரு சோப்புக் கம்பெனியோடு அந்தப் பெயருக்குப் பேச்சு முடியும் நிலையில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். கடைசியில் சொன்னதை அண்ணன் அப்படியே சொல்லிக் காட்டினார்: "சோப்பு உங்களுதுதான் மச்சான், நான் இல்லைன்னு சொல்லல. பேரு மட்டும்தான் என்னுது. நீங்க வேற பேரு வெச்சுக்கங்க."

தங்கை சமையலறையை விட்டு வெளியே வரவில்லையாம். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் தடுமாறியது. "உள்ள பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தது. நான் கிளம்பற வரைக்கும் அதே ஒரு பாத்திரம்தான்."

வக்கீலம்மா விஷயத்தைக் கேட்டு, தலையைப் பிடித்துக்கொண்டார். நாம் இரண்டு பேருக்கும் வேலை செய்துவிட்டோம். இனி ஒருவருக்காக இன்னொருவரை எதிர்க்க முடியாது, இருவரிடமிருந்தும் விலகியாக வேண்டும் என்றார். இதழில் வந்த நாளிலிருந்து எதிர்ப்பு தெரிவிக்கக் கொடுத்திருக்கும் காலத்தில் இன்னும் ஐந்து வாரம்தான் பாக்கி என்பதையும், வேறொரு வக்கீலின் முகவரியையும் எழுதிக் கொடுத்தார்.

அந்த வக்கீல், உறை அச்சடித்ததெல்லாம் விண்ணப்பத்துக்குப் பிந்தியது, அதனால் முந்திப் பயன்படுத்தினார் என்று வாதாட முடியாது என்று சொல்லிவிட்டார். பெயர் யாருடையது என்று தெரிந்தே, கெட்ட எண்ணத்தோடு விண்ணப்பித்தார் என்று காட்டுவதுதான் ஒரே வழி. தேடல் படிவமும் அறிக்கையும் அண்ணனுடைய காகிதங்கள், அவற்றைக் கொடுக்கலாம். கூடவே, படிவத்தை வாங்கி அறிக்கையைத் தயாரித்த என்னுடைய வாக்குமூலம் சத்தியப்பத்திரமாக வேண்டும். மாப்பிள்ளை சொன்ன எதையும் தொடாமல், அண்ணனுக்காக நான் செய்ததை மட்டும் எழுதலாம் என்று வக்கீலம்மா அனுமதித்தார்.

எழுதினேன். எந்தத் தேதியில் வந்தார், எந்த மூன்று பெயர் சொன்னார், எப்போது அறிக்கை கொடுத்தேன் என்று ஒரு பக்கம். எல்லாம் உண்மைதான். படித்துப் பார்த்த மற்றவர்கள், சுத்தமாக இருக்கிறது என்றார்கள்.

ஒன்றேகால் வருடம் கழித்து அண்ணனுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மாப்பிள்ளையின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அண்ணன் புதிதாகப் போட்டது பதிவாயிற்று. இன்று இரண்டு கடையில் ஏழாம் மேசை கிடைக்கிறது. தங்கை அண்ணனிடம் பேசுவதில்லை. சலவைக்கூடத்து வாசலில் மாப்பிள்ளையின் வண்டியைப் பார்த்தால் அண்ணன் பின்வாசல் வழியாகப் போகிறார். என்னோடு பேசுகிறார், மரியாதையாக. 'தங்கச்சி' என்று மட்டும் கூப்பிடுவதில்லை, 'மேடம்' என்கிறார். தீர்ப்பில் அதிகாரி எடுத்துக் காட்டிய இரண்டு வரியும் என் பத்திரத்தில் முதலில் இல்லாதவை.

அன்று அந்தப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடும் முன் அண்ணன் அதைப் படிக்கக் கேட்டிருந்தார். வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து, தேய்ந்த விரலை ஒவ்வொரு வரியின் அடியிலும் வைத்துப் படித்தார். முடித்ததும் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பிறகு தாளை என்னிடம் நீட்டினார்.

"நான் என்ன செஞ்சேன்னு எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க. நீங்க என்ன செஞ்சீங்கன்னும் எழுதுங்க. அண்ணன் தன் பேர்ல போடச் சொன்னாரு, நான் அவரை ஒரு வார்த்தை கேக்காம வேற பேரைப் போட்டேன்னு."